2.4 மைக்ரோகிராம் எப்படி 24 கிராம் ஆனது? தலைப்பில் ½, µ, ₂ போடும்முன் இதைப் படிங்க

ஒரு ஹெல்த் கட்டுரைக்கு இப்படி ஒரு தலைப்பு வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்: ‘வைட்டமின் B₁₂: தினமும் 2.4 µg போதுமா?’ தகவல் சரிதான். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராம் என்பதுதான் அமெரிக்கப் பரிந்துரை. 12 என்ற எண் அழகாகக் கீழே இறங்கி நிற்கிறது. மைக்ரோ குறியீடும் திரையில் பளிச்சென்று தெரிகிறது. பப்ளிஷ் பட்டனை அழுத்தியாச்சு.

அந்தக் கட்டுரைக்கு உருவான லிங்க்கின் கடைசிப் பகுதியைப் பார்த்தால்தான் தூக்கிவாரிப்போடும். இணையதளங்கள் கட்டப் பயன்படும் ஜாங்கோ என்ற மென்பொருளில், தலைப்பை லிங்க்காக மாற்ற ஒரு கருவி உண்டு. அதனிடம் இந்தத் தலைப்பைக் கொடுத்தால் கிடைப்பது இது:

```
from django.utils.text import slugify
slugify("வைட்டமின் B₁₂: தினமும் 2.4 µg போதுமா?")
# 'b12-24-g'
```

2.4 மைக்ரோகிராம், 24 கிராம் ஆகிவிட்டது. கணக்குப் போட்டால் சரியாக ஒரு கோடி மடங்கு. வாட்ஸ்அப்பில் ஃபார்வர்ட் ஆகும்போது பலர் கண்ணில் முதலில் படுவது இந்த லிங்க்தான்.

இதில் யாரும் எழுத்துப்பிழை விடவில்லை. ஒவ்வொரு படியிலும் கணினி தனக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்திருக்கிறது. அப்புறம் எங்கே தப்பு?

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறொன்று

திரையில் தெரியும் ஒவ்வொரு எழுத்துக்கும் யூனிகோடில் ஓர் எண் இருக்கிறது. கீபோர்டில் தட்டும் சாதாரண 2-ம், CO₂-வில் கீழே நிற்கும் ₂-ம், m²-இல் மேலே ஏறிய ²-ம் நமக்கு ஒரே ‘இரண்டு’. கணினிக்கு அவை மூன்று தனித்தனி ஆட்கள். தேடல் பெட்டியில் யாரும் ₂ என்று தேடிப்பிடித்துத் தட்டப்போவதில்லை. CO2 என்றுதான் தட்டுவார்கள். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் சாதாரணத் தேடலில், தலைப்பில் CO₂ என்று இருக்கும் கட்டுரை மாட்டாது.

இதைச் சமாளிக்க யூனிகோடிலேயே ஒரு வழி உண்டு. பெயர் NFKC. அலங்காரமாக நிற்கும் எழுத்துகளை அவற்றின் சாதாரண வடிவத்துக்குக் கொண்டுவருவது இதன் வேலை. CO₂-வைக் கொடுத்தால் CO2 வரும். B₁₂-வைக் கொடுத்தால் B12. இதுவரை சூப்பர்.

ஆனால், அதே கருவியிடம் 10⁵ என்று கொடுத்துப் பாருங்கள். ஒரு லட்சம் என்ற எண், 105 ஆகத் திரும்பி வரும். கீழே நிற்கும் எண்ணை இறக்கிவைத்தால் பொருள் மாறாது. மேலே நிற்கும் அடுக்கை இறக்கிவைத்தால் கணக்கே மாறிவிடும். கருவிக்கு அந்த வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் அது எழுத்தைத்தான் பார்க்கிறது. கணக்கைப் பார்ப்பதில்லை.

ஃபெலினி படத்துக்கு வந்த சோதனை

பின்னத்தில் இதைவிட வேடிக்கை நடக்கும். இத்தாலிய இயக்குநர் ஃபெடரிகோ ஃபெலினி 1963-இல் எடுத்த படத்தின் பெயர் 8½. அதுவரை ஆறு முழுநீளப் படங்கள் எடுத்திருந்தார். இரண்டு குறும்படங்களையும், இன்னொருவரோடு சேர்ந்து இயக்கிய ஒரு படத்தையும் ஆளுக்கு அரையாகக் கணக்கு வைத்தால் மொத்தம் ஏழரை. அடுத்த படம் எட்டரை. தமிழில் ‘எட்டரை’ என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும் விஷயம், கணினியில் என்ன பாடு படுகிறது பாருங்கள்:

```
import unicodedata
unicodedata.normalize("NFKC", "8½")
# '81⁄2'
```

½ என்ற ஒற்றை எழுத்து, 1, சாய்கோடு, 2 என்று மூன்றாகப் பிரிகிறது. முன்னால் 8 ஏற்கெனவே ஒட்டி நிற்பதால், எட்டரை என்பது 81-இன் கீழ் 2 ஆகிவிடுகிறது. அதாவது நாற்பதரை. அந்தச் சாய்கோடும் கீபோர்டில் இருக்கும் `/` இல்லை. பின்னத்துக்கென்றே உள்ள தனி எழுத்து. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் தேடலில் பொருந்தாது. முதலில் பார்த்த லிங்க் கருவி இன்னும் ஒரு படி மேலே போய் அந்தக் கோட்டையும் தூக்கி எறிந்துவிட்டு, 812 என்று கையில் கொடுக்கும்.

சரி, 8 1/2 என்று சாதாரணமாகவே எழுதிவிட்டால்? தேடலுக்கு நல்லதுதான். ஆனால், கோப்பின் பெயரில் `/` வைக்க விண்டோஸ் விடாது. லிங்க்கில் அது வந்தால் ‘இங்கே ஒரு ஃபோல்டர் முடிகிறது’ என்று பொருள். ஆகவே எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே வடிவம் என்று எதுவும் இல்லை.

µ என்ற இரட்டைப்பிறவி

மைக்ரோ குறியீட்டின் கதை தனி. யூனிகோடில் இது இரண்டு இருக்கிறது. ஒன்று, அளவைக் குறிக்கும் மைக்ரோ குறி (U+00B5). மற்றொன்று, கிரேக்க எழுத்தான ம்யூ (U+03BC). பெரும்பாலான ஃபான்ட்களில் இரண்டையும் கண்ணால் பிரிக்க முடியாது. கட்டுரையில் ஒன்றை எழுதி, தேடும்போது மற்றதைத் தட்டினால் கிடைக்காமல் போகலாம். நல்லவேளை, NFKC இந்த இரண்டையும் ம்யூவாக ஒன்றாக்கிவிடும்.

லிங்க் கருவியோ ஆங்கில எழுத்து இல்லாத எல்லாவற்றையும் கழற்றிவிடுகிறது. அதனால்தான் µg-இல் வெறும் g மிஞ்சியது. புள்ளியையும் அது நிறுத்தற்குறியாக நினைத்து நீக்கியதால் 2.4 என்பது 24 ஆனது. தமிழ்ச் சொற்கள் மொத்தமும் போனதும் இதே காரணத்தால்தான். தமிழை விட்டுவைக்கச் சொல்ல `allow_unicode=True` என்று ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டாலும் துணைக்குறிகளும் புள்ளியும் உதிர்ந்து, ‘வைட்டமின்’ என்பது ‘வடடமன’ என்று வந்து நிற்கும். அழுவதா சிரிப்பதா தெரியாது.

உண்மையில் பயப்படவேண்டிய இடம் வேறு. சில தளங்களில் தலைப்பில் உள்ள ஆங்கில எழுத்துகளை எல்லாம் பெரிய எழுத்தாகக் காட்டும்படி வடிவமைத்திருப்பார்கள். µ-வின் பெரிய எழுத்து Μ. பார்க்க அச்சு அசலாக ஆங்கில எம். அப்போது 2.4 µg என்பது திரையில் 2.4 ΜG என்று தெரியும். படிப்பவர் மில்லிகிராம் என்றுதான் நினைப்பார். ஆயிரம் மடங்கு வித்தியாசம். கையெழுத்திலும் இதே குழப்பம் வருவதால், மருந்துப் பிழைகளைக் கண்காணிக்கும் அமெரிக்காவின் ஐஎஸ்எம்பி அமைப்பு, மருந்துச் சீட்டில் µg வேண்டாம், mcg என்று எழுதுங்கள் என்கிறது.

அப்போ என்னதான் பண்றது?

நூலகர்கள் இந்தச் சிக்கலுக்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். நூலகப் பட்டியலுக்கான மார்க் 21 முறையில், 245 என்ற இடத்தில் தலைப்பு அச்சில் உள்ளபடியே இருக்கும். 246 என்ற இடத்தில், ஆட்கள் எப்படியெல்லாம் தேடக்கூடுமோ அந்த வடிவங்கள் இருக்கும். 8½ படத்துக்கு ‘Eight and a half’, ‘Otto e mezzo’, ‘8 1/2’ எல்லாம் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். காட்டுவது ஒன்று, தேடுவது பல. யாரும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

உங்கள் தளத்திலும் இதைச் செய்யலாம். தலைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, தேடலுக்கென்று ஒரு மறைவான பிரதியைச் சேமிக்க வேண்டும். டெவலப்பர் நண்பரிடம் காட்ட ஒரு சின்ன மாதிரி:

```
import re, unicodedata as u

def thedal(s):
    s = re.sub(r"(\d)([¼½¾⅓⅔])", r"\1 \2", s)
    s = re.sub(r"(\d)([⁻⁰¹²³⁴-⁹])", r"\1^\2", s)
    s = u.normalize("NFKC", s).lower()
    return s.replace("⁄", "/").replace("−", "-")
```

இங்கே வரிசைதான் முக்கியம். முதல் வரி, எண்ணுக்கும் பின்னத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி விடுகிறது. இரண்டாவது வரி, அடுக்குக்கு முன்னால் `^` போடுகிறது. அதற்குப் பிறகுதான் NFKC. இப்போது 8½ என்பது `8 1/2` ஆகும், 10⁵ என்பது `10^5` ஆகும், CO₂ என்பது `co2` ஆகும். இடைவெளி விடும் வேலையை NFKC-க்குப் பிறகு செய்யலாம் என்று தள்ளிப்போட்டால், 81 எங்கே முடிகிறது, பின்னம் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது. தேடுபவர் தட்டும் சொல்லையும் இதே வழியாக அனுப்ப வேண்டும், இல்லையென்றால் பாதி வேலைதான் முடிந்தது.

கோட் எழுதாதவர்களுக்கு? தமிழ்த் தலைப்பில் ‘மைக்ரோகிராம்’ என்று முழுசாக எழுதிவிடுவதே நல்லது. குறியீட்டைக் கட்டுரைக்குள் வைத்துக்கொள்ளலாம். லிங்க்கைத் தானாக உருவாக விடாமல் `b12-daily-dose` என்பது போல் கையால் கொடுத்துவிடுங்கள். தலைப்பில் கீழ் எண் வேண்டும் என்பதற்காக `<sub>` போடும் பழக்கம் இருந்தால் கவனம்: பக்கத்துக்குள் அது வேலை செய்யும், ஆனால் பிரவுசர் டேபில் தெரியும் `<title>` பகுதியில் அந்தக் குறியே எழுத்தாகத் தெரியும்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, வெளியான தலைப்பை காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். எழுத்து மாறினாலோ கட்டம் வந்தாலோ பிரச்சினை இருக்கிறது. பிறகு போனை எடுத்து, வெறும் கீபோர்டில் தட்டி உங்கள் தளத்திலேயே தேடுங்கள். பெரிய தேடுபொறிகள் இதில் பலவற்றைத் தாங்களாகவே சமாளித்துக்கொள்ளும். தடுக்கி விழுவது பெரும்பாலும் சொந்தத் தளத்தின் தேடல் பெட்டிதான்.

தமிழ்ப் பின்னக் குறியீடுகளைத் தலைப்பில் போட ஆசைப்படுபவர்களுக்கும் ஒரு தகவல். 2019-இல் வந்த யூனிகோட் 12-இல் அவற்றுக்கு இடம் கிடைத்துவிட்டது. 320-இல் ஒரு பங்கான முந்திரியின் எண் U+11FC0. ஆனால், அதற்கான ஃபான்ட் இல்லாத போன்களில் வெறும் கட்டம்தான் தெரியும். NFKC-யும் அதை 1/320 என்று மாற்றித் தராது. இப்போதைக்கு ‘முந்திரி’ என்று எழுத்திலேயே எழுதிக்கொள்ளலாம். தேடினால் பருப்பும் சேர்ந்து வரும், அவ்வளவுதான்.