புதுப்பிப்பு கேட்கும் கணினி என்னென்ன சொல்கிறது?

ஊருக்குக் கடிதம் எழுதுகிறவர், உறைக்குள் இருக்கும் வரிகள் மட்டுமே செய்தி என்று எண்ணுவது வழக்கம். ஆனால் உறையின்மேல் விழும் தபால் முத்திரையும் ஒரு செய்திதான். எந்த ஊரில், எந்த நாளில் கடிதம் போடப்பட்டது என்பதை, எழுதியவர் சொல்லாமலே அது சொல்லிவிடுகிறது. நம்முடைய கணினிகளும் நாம் அறியாமலே இத்தகைய கடிதங்களை நாள்தோறும் எழுதி வருகின்றன. "புதிய பதிப்பு ஏதேனும் வந்திருக்கிறதா?" என்று ஒவ்வொரு மென்பொருளும் தன்னை ஆக்கியவரைக் கேட்கிறது. கேள்வி மிகச் சிறியது. ஆனால் அதைக் கேட்கும்பொழுது தன்னைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. சொல்லப்படுபவை யாவை, அவற்றால் நமக்கு என்ன என்பதை இன்று காண்போம்.

பொதுவாகப் பேசுவதைவிட, ஒரு கடிதத்தையே பிரித்துப் படித்துப் பார்ப்பது நலம். இணையப் பக்கங்களைப் பார்ப்பதற்குப் பலர் பயன்படுத்தும் பயர்பாக்ஸ் என்னும் உலாவியை எடுத்துக்கொள்வோம். அதனை வெளியிடும் மோசில்லா நிறுவனத்தின் கணினிக்கு அது அனுப்பும் கேள்வி, ஓர் இணைய முகவரியின் வடிவிலேயே அமைந்திருக்கிறது. உண்மையில் அது ஒரே வரி. படிக்க வசதியாக இங்கே மடித்துத் தந்திருக்கிறோம்.

```
https://aus5.mozilla.org/update/6/
Firefox/115.0/20230629134642/
WINNT_x86_64-msvc-x64/ta/release/
Windows_NT%2010.0.0.0.19045.2965%20(x64)/
ISET:SSE4_2,MEM:8192/
default/default/update.xml
```

சாய்கோடுகளுக்கு இடையே உள்ளவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலில் மென்பொருளின் பெயர். அடுத்து அதன் பதிப்பு எண். இவ்விரண்டையும் சொல்லாமல் கேள்வியே கேட்க இயலாது. மூன்றாவதாக வரும் நீண்ட எண்ணைக் கண்டு சிலர் அஞ்சக்கூடும். நமக்கென்று இட்ட அடையாள எண்ணோ என்று ஐயுறக்கூடும். அது அவ்வாறன்று. ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், வினாடி என்று பிரித்தால், அப்பதிப்பு தயாரிக்கப்பட்ட நேரம் கிடைக்கும். அதே பதிப்பை வைத்திருக்கும் எல்லாரும் அதே எண்ணைத்தான் அனுப்புகிறார்கள். புத்தகத்தின் முதல் பக்கத்தில் அச்சான மாதத்தைக் குறிப்பதைப் போன்றதே இது.

அதனை அடுத்து, கணினி எவ்வகையைச் சேர்ந்தது என்பதும், உலாவி எந்த மொழியில் இயங்குகிறது என்பதும் வருகின்றன. `ta` என்பது தமிழ். பின்னர் விண்டோஸின் பதிப்பு, அதன் உட்பதிப்பு எண் வரையில் சொல்லப்படுகிறது. செயலியின் திறனும், நினைவகத்தின் அளவும் அதைத் தொடர்கின்றன. `MEM:8192` என்றால் எட்டு ஜிகாபைட் நினைவகம். இறுதியில் உள்ள `default` என்னும் சொல், ஒரு நிறுவனம் தனக்கென மாற்றியமைத்த பிரதி அல்ல, பொதுவான பிரதி என்பதைக் காட்டுகிறது.

நினைவகத்தின் அளவு இவர்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். காரணம் உண்டு. 2017-ஆம் ஆண்டில், 64 பிட் விண்டோஸில் 32 பிட் பயர்பாக்ஸை வைத்திருந்தவர்களை 64 பிட் பதிப்புக்கு மாற்றினார்கள். நினைவகம் குறைவாக உள்ள கணினிகளுக்கு அம்மாற்றம் நன்மை தராது. ஆகவே போதிய நினைவகம் உள்ளவற்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. கடிதத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் இத்தகைய ஒரு நியாயம் இருக்கிறது.

ஆனால் நியாயமான காரணத்திற்காகக் கேட்கப்பட்ட செய்தியும், கேட்டதைவிட அதிகமாகச் சொல்லிவிடுவது உண்டு. விண்டோஸுக்கான சில பயர்பாக்ஸ் பதிப்புகளில் இக்கடிதத்தோடு `JAWS` என்று ஒரு குறி சேர்ந்திருந்தது. ஜாஸ் என்பது பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக் காட்டும் மென்பொருள். அதன் பழைய பதிப்புகள் புதிய பயர்பாக்ஸோடு ஒத்துப்போகவில்லை. ஒத்துவராத ஜாஸ் இருந்தால் 1, இல்லையேல் 0 என்று கணினி சொல்லும். பார்வையற்ற ஒருவருடைய உலாவி திடீரென்று பேசாமல் போய்விடக் கூடாது என்ற அக்கறையால் பிறந்த ஏற்பாடு அது. ஆயினும் அந்த ஓர் எழுத்து, கணினியின் முன்னால் அமர்ந்திருப்பவருக்குக் கண்பார்வை இல்லாமல் இருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறது. தனியுரிமைக் கேள்வி பெரும்பாலும் தீய நோக்கத்தில் தொடங்குவதில்லை, இப்படித்தான் தொடங்குகிறது.

இனித் தபால் முத்திரைக்கு வருவோம். இக்கடிதத்தில் நம் பெயர் இல்லை, ஊர் இல்லை. ஆனால் பதில் வந்து சேர வேண்டுமானால், நம்முடைய இணைய எண்முகவரி மறுமுனைக்குத் தெரிந்தே ஆகவேண்டும். அதிலிருந்து நாடும் மாநிலமும், பல வேளைகளில் நகரமும் ஓரளவு தெரிந்துவிடும். கடிதத்தின் உள்ளடக்கம் மறைகுறியாக்கப்பட்டுச் செல்வதால், இடையில் இருக்கும் இணையச் சேவை நிறுவனத்தால் அதைப் படிக்க இயலாது. எனினும் கடிதம் யாருக்குச் செல்கிறது, எந்நேரத்தில் செல்கிறது என்பதை அது அறியும்.

வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இங்கே ஒரு தனிச் செய்தி இருக்கிறது. மதுரையில் ஒருவர் தமிழ் உலாவியைப் பயன்படுத்தினால், `ta` என்ற சொல் அவரைக் கூட்டத்தில் மறைத்துவிடும். அதே உலாவியைக் கோஹிமாவிலோ, ஹிமாசலத்தின் ஒரு சிற்றூரிலோ திறந்தால் நிலைமை வேறு. அந்த வட்டாரத்திலிருந்து தமிழில் கேட்கும் கணினிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவையாக இருக்கலாம். விண்டோஸின் உட்பதிப்பும் நினைவக அளவும் அதனோடு சேர்ந்தால், எண்ணிக்கை ஒன்றாகவே சுருங்கிவிடவும் கூடும். தனித்தனியே பார்த்தால் யாரையும் காட்டாத செய்திகள், ஒன்று கூடும்போது ஒருவரைச் சுட்டும். எவருடைய மொழி சுற்றுப்புறத்தின் மொழியிலிருந்து வேறுபடுகிறதோ, அவருக்கு இது விரைவில் நேரும். கைப்பேசி இணைப்புகளில் பலர் ஒரே எண்முகவரியைப் பகிர்ந்துகொள்வதால் அடையாளம் சற்று மங்கும். அலுவலகத்திலோ வீட்டிலோ நிலையான முகவரி இருந்தால் கூர்மையாகும்.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. நேற்று வந்த கடிதமும் இன்று வந்த கடிதமும் ஒரே கணினியினுடையவை என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? மேலே கண்ட கடிதத்தில் கணினிக்கென்று தனி எண் ஏதும் இல்லை. இருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். பிலாயில் பணிபுரியும் ஒருவர் பொங்கலுக்காக மடிக்கணினியோடு ஊருக்குப் புறப்படுகிறார். முதல் நாள் பிலாயிலிருந்து ஒரு கடிதம், மறுநாள் நாக்பூரிலிருந்து ஒன்று, அதன்பின் சென்னையிலிருந்து ஒன்று, நான்கு நாள் திருநெல்வேலியிலிருந்து. தனி எண் இல்லையேல் இவை சிதறிய கடிதங்கள். தனி எண் இருந்தாலோ, இவை ஒருவருடைய பயண நாட்குறிப்பு.

இந்தக் கேள்வி வெறும் கற்பனையன்று. லினக்ஸ் வகையைச் சேர்ந்த பெடோரா என்னும் இயங்குதளத்தில் இது நேரடியாகவே எழுந்தது. அங்கே புதுப்பிப்பு நடைபெறும் முறை வேறு. கணினி தன்னிடம் உள்ளவற்றைச் சொல்லிக் கேட்பதில்லை. கடைக்காரரின் முழு விலைப்பட்டியலையும் வாங்கிவந்து வீட்டிலே ஒப்பிட்டுப் பார்ப்பதைப் போல, எல்லாப் பொருள்களின் பட்டியலையும் இறக்கிக்கொண்டு தானே ஒப்பிட்டுக்கொள்கிறது. டெபியன் முதலிய பிற லினக்ஸ் வகைகளும் அவ்வாறே செய்கின்றன. பட்டியல் பெரிதாக இருப்பதால் இறக்கும் அளவு கூடும். ஆனால் சொல்வது குறையும்.

இதனால் பெடோராவை ஆக்குவோருக்கு ஒரு சங்கடம். எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. எண்முகவரிகளை எண்ணினால், ஒரு கல்லூரியின் நூறு கணினிகள் ஒன்றாகத் தோன்றும். ஊர் ஊராகச் செல்லும் ஒரு மடிக்கணினி பலவாகத் தோன்றும். ஆகவே ஒவ்வொரு கணினிக்கும் தனி எண் ஒன்றைக் கொடுக்கலாம் என்ற யோசனை 2019-இல் முன்வைக்கப்பட்டது. நாம் மேலே கண்ட பயண நாட்குறிப்பு உருவாகிவிடும் என்று பலர் எதிர்த்தார்கள். இறுதியில் 2020-இல் வேறொரு வழி நடைமுறைக்கு வந்தது. வாரத்தில் ஒரே ஒரு முறை, கணினி தன் வேண்டுகோளோடு `countme=1` என்பது போன்ற ஒரு குறியைச் சேர்த்து அனுப்பும். அந்த எண் ஒன்றிலிருந்து நான்கு வரைதான் இருக்கும். நிறுவி முதல் வாரமானால் ஒன்று, முதல் மாதத்திற்குள் இரண்டு, ஏறக்குறைய ஆறு மாதத்திற்குள் மூன்று, அதற்குமேல் நான்கு. குறிகளைக் கூட்டினால் கணினிகளின் தொகை கிடைக்கும். ஆனால் எந்தக் குறி எவருடையது என்று தொடர இயலாது. தலைகளை எண்ணுவதற்கு முகங்களை அறிய வேண்டியதில்லை என்பதை இவ்வேற்பாடு காட்டுகிறது.

எனினும் ஓர் எல்லையை மறக்கலாகாது. கடிதத்தில் என்ன எழுதப்பட்டது என்பதை நாம் பார்க்கலாம். பெற்றவர் அதை எத்தனை நாள் வைத்திருக்கிறார், எதனோடு சேர்த்துப் பார்க்கிறார் என்பதை வெளியிலிருந்து பார்க்க இயலாது. அங்கே சட்டமும் அவருடைய வாக்குமே துணை. மாறும் இணைய எண்முகவரிகூடச் சில நிலைகளில் தனிநபர் தரவாகும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2016-இல் தீர்ப்பளித்தது. நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒருவரை அடையாளம் காட்டவல்ல தரவையே தனிநபர் தரவு என்கிறது.

அப்படியானால் புதுப்பிப்பையே நிறுத்திவிடலாமா? கூடாது. 2017 மே மாதத்தில் வானாக்ரை என்னும் தீநிரல் உலகெங்கும் கணினிகளை முடக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது. அதைப் பெறாதவர்களே பெரும்பாலும் அகப்பட்டுக்கொண்டார்கள். கடிதம் எழுத மறுப்பதால் நேரும் இழப்பு, எழுதுவதால் வெளிப்படுவதைவிடப் பெரிது.

செய்யத்தக்கது, கடிதத்தைப் படித்துப் பார்ப்பதே. பயர்பாக்ஸில் `about:config` என்ற பக்கத்தைத் திறந்து `app.update.log` என்பதை `true` ஆக்கி, Ctrl+Shift+J விசைகளால் வரும் சாளரத்தைத் திறந்துவைத்துப் புதுப்பிப்பைத் தேடச் சொன்னால், அனுப்பப்படும் முகவரி அங்கே தெரியும். ஐயம் தரும் நீண்ட எண் ஏதேனும் இருந்தால், அதே பதிப்பை வைத்திருக்கும் நண்பரின் கணினியிலும் பாருங்கள். இரண்டிலும் ஒன்றாக இருந்தால் அது பதிப்பின் எண். இரண்டிலும் வெவ்வேறாக இருந்து, உங்கள் கணினியில் நாள்தோறும் மாறாமலும் இருந்தால், அது உங்கள் கணினிக்கு இடப்பட்ட எண். எதற்காக இட்டீர்கள் என்று கேட்கும் உரிமை அப்பொழுது உங்களுக்கு உண்டு.