பின்னாலிருந்து நிரப்பும் கலை

ஏறுவரிசையில் இரண்டு எண் பட்டியல்கள் இருக்கின்றன. முதல் பட்டியலுக்கு கணினி நினைவகத்தில் அடுத்தடுத்து ஏழு கட்டங்கள். நான்கில் 12, 25, 40, 61 என்ற எண்கள் உள்ளன. கடைசி மூன்றும் காலி. இரண்டாவது பட்டியலில் 7, 30, 55. வேறு இடம் எதுவும் கேட்காமல், முதல் பட்டியலுக்குள்ளேயே ஏழு எண்களையும் வரிசையாக அடுக்க வேண்டும்.

சிறியதிலிருந்து தொடங்குவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் 7-ஐ முதல் கட்டத்தில் எழுதினால் அங்கிருந்த 12 அழிந்துவிடும். 12-ஐக் காப்பாற்ற நான்கு எண்களையும் ஒரு கட்டம் தள்ளவேண்டும்; 30 வரும்போது மறுபடி தள்ளவேண்டும். இரண்டு பட்டியலிலும் பத்தாயிரம் எண்கள் இருந்து, இரண்டாவதில் உள்ளவை எல்லாமே சிறியவை என்றால், தள்ளுவது மட்டும் 10 கோடி முறை நடக்கும்.

காலியிடம் பின்னால்தானே இருக்கிறது? அங்கிருந்தே நிரப்பலாம். இரு பட்டியல்களின் கடைசி எண்களை ஒப்பிட்டு, பெரியதைக் கடைசிக் கட்டத்தில் போடுகிறோம். 61-க்கும் 55-க்கும் 61 பெரியது. அது ஏழாவது கட்டத்துக்குப் போகிறது. அடுத்து 40-ஐவிட 55 பெரியது, ஆறாவதில் 55. பிறகு 40 ஐந்தாவதில், 30 நான்காவதில். நான்காவது கட்டம் 61 இருந்த இடம்தான். ஆனால் 61 ஏற்கெனவே இடம் மாறிவிட்டதால் இழப்பு இல்லை. அதன்பின் 25, 12, கடைசியாக 7.

எந்த எண்ணும் அழியாததற்குக் காரணம் உண்டு. எழுதும் கட்டத்துக்கும், முதல் பட்டியலில் இன்னும் நகராத கடைசி எண்ணுக்கும் நடுவே, இரண்டாவது பட்டியலில் மிச்சமிருக்கும் எண்களுக்குப் போதுமான இடம் எப்போதும் இருக்கும். பத்தாயிரமும் பத்தாயிரமும் சேர்ந்தாலும் அதிகபட்சம் இருபதாயிரம் முறை எழுதினால் வேலை முடிந்துவிடும்.

பைத்தானில் இப்படி எழுதலாம். `m`, `n` இரண்டும் முறையே `A`, `B` பட்டியல்களில் உள்ள எண்களின் எண்ணிக்கை:

```python
i, j, k = m - 1, n - 1, m + n - 1
while j >= 0:
    if i >= 0 and A[i] > B[j]:
        A[k] = A[i]
        i -= 1
    else:
        A[k] = B[j]
        j -= 1
    k -= 1
```

பலர் சறுக்குவது `while` வரியில்தான். முதல் பட்டியல் தீர்ந்ததும் நிறுத்திவிட்டால், நம் உதாரணத்தில் 12, 12, 25, 30, 40, 55, 61 என்று விடை வரும். 12 இரண்டு முறை இருக்கிறது, 7-ஐக் காணோம். தொடக்கத்தில் ஓர் எண் இப்படி இரட்டித்து நின்றால் பிழை இதுதானா என்று பாருங்கள். மாறாக, இரண்டாவது பட்டியல் முதலில் தீர்ந்தால் கவலையில்லை. முதல் பட்டியலில் மிச்சமிருப்பவை ஏற்கெனவே தத்தம் இடத்தில்தான் இருக்கின்றன. அதனால்தான் `j`-ஐ மட்டும் பார்த்து நிறுத்துகிறோம்.