ரேம் கூடினால் போன் வேகமாகுமா?

ஆண்ட்ராய்டு போனில் இயங்கும் செயலிகள் தங்களுக்கு அந்த நேரத்தில் தேவையானதை வைத்துக்கொள்ளும் இடம்தான் ரேம். திரையில் இருக்கும் செயலிக்குப் போதிய இடம் கிடைத்துவிட்டால், மிச்ச இடம் எவ்வளவு இருந்தாலும் அது இன்னும் வேகமாக ஓடிவிடாது. 8 ஜி.பி. போனுக்கும் 12 ஜி.பி. போனுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும், திரையை விட்டுப் போன செயலிகளின் கதியில்தான் தெரியும்.

வாட்ஸ்அப்பிலிருந்து கேமராவுக்குப் போனால், ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பை உடனே மூடுவதில்லை. திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரட்டும் என்று ரேமிலேயே வைத்திருக்கும். செயலிகள் பெருகி இடம் நெருக்கும்போது, நெடுநேரம் தொடாத தகவல்களைச் சுருக்கி ரேமிலேயே ஒதுக்கிவைக்கும். அதுவும் போதாவிட்டால், பின்னணியில் சும்மா கிடக்கும் செயலிகளை ஒவ்வொன்றாக நீக்கும். பாட்டு ஒலிக்கும் செயலி, வழி காட்டிக்கொண்டிருக்கும் வரைபடம் போன்றவற்றில் அவ்வளவு எளிதாகக் கை வைக்காது. எனவே ரேம் பெரும்பகுதி நிரம்பியிருப்பது கோளாறு அல்ல. அதைக் காலி செய்வதாகச் சொல்லும் 'கிளீனர்' செயலிகள் உபத்திரவமே. அவை துரத்திய செயலியை மறுபடி முதலிலிருந்து திறக்க நேரமும் பேட்டரியும் கூடுதலாகச் செலவாகும்.

ரேம் உண்மையாகவே பற்றாமல் போகும் இடம் வேறு. பிரவுசரில் ரயில் டிக்கெட் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போது ஓ.டி.பி. வருகிறது. அதைப் பார்க்க மெசேஜ் செயலிக்குப் போய்த் திரும்புவதற்குள், 3 அல்லது 4 ஜி.பி. போன் பிரவுசரை நீக்கியிருக்கக்கூடும்; பக்கம் புதிதாக ஏறும், நிரப்பியது போய்விடும். 8 ஜி.பி. போனில் இது அரிது. அதற்கு மேல் 12 ஜி.பி.க்குப் போனால் கிடைப்பது, காலையில் விட்ட பெரிய விளையாட்டு மாலை வரை அப்படியே காத்திருப்பது போன்ற வசதி. அது இல்லாவிட்டால் விளையாட்டு மறுபடி திறக்கச் சற்று நேரமாகும், அவ்வளவுதான். அந்த நேரம் எவ்வளவு என்பதில் சேமிப்பகத்தின் வேகத்துக்குப் பெரிய பங்குண்டு. யு.எஃப்.எஸ். வகைச் சேமிப்பகம், விலை குறைந்த பல போன்களில் இருக்கும் இ.எம்.எம்.சி.யைவிட விரைவானது. கடைக்காரர் ரேம் எண்ணைத்தான் முதலில் சொல்வார். இதைக் கேட்டால்தான் சொல்வார்.

'8+8' என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால், இரண்டாவது 8 ரேம் அல்ல. சேமிப்பகத்தில் ஒரு பகுதியை ரேம்போலப் பயன்படுத்தும் ஏற்பாடு அது. ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது.

போன் எங்கே திணறுகிறது என்று கவனித்தாலே காரணம் ஓரளவு பிடிபடும். சற்று முன் விட்ட செயலி ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கினால் ரேம் பற்றவில்லை எனலாம். ஒரே செயலிக்குள் விரலால் தள்ளும்போதே திரை திக்கினால், பிராசசரையோ நிரம்பி வழியும் சேமிப்பகத்தையோ சந்தேகிக்கலாம். 12 ஜி.பி. போனிலும் செயலிகள் அடிக்கடி மூடிக்கொண்டால், பேட்டரி அமைப்பில் அந்தச் செயலிக்குப் பின்னணிக் கட்டுப்பாடு போடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில தயாரிப்பாளர்கள் மின்சாரத்தை மிச்சப்படுத்த, ரேமில் இடமிருந்தும் பின்னணிச் செயலிகளை நிறுத்திவிடுகிறார்கள்.