மண்ணுக்குள் கிடப்பதைச் சொல்லிவிட்டுப் போனவர்

தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 60 வயது நிறையும் மாதத்தின் கடைசி நாள்தான் பணி ஓய்வு நாள். மாலையில் அலுவலகத்திலேயே பாராட்டு விழா. மாலை, சால்வை, வாழ்த்துரைகள் எல்லாம் முடிந்தபின் ஓய்வு பெறுபவர் ஏற்புரை சொல்வார். ஒரு நகராட்சியில் குடிநீர்ப் பிரிவைப் பல்லாண்டுகள் பார்த்த பொறியாளரின் ஏற்புரையை அண்மையில் கேட்டேன். தான் கட்டிய தொட்டிகளையும் போட்ட சாலைகளையும் அவர் பட்டியலிடவில்லை. ஒரே ஒரு தெருவில் குடிநீரோடு கழிவுநீர் கலந்த கதையைச் சொன்னார். ஒவ்வொருவருக்கும் அவர் சொன்ன நன்றி அந்தக் கதைக்குள்ளேயே இருந்தது.

முதல் நன்றி வால்வு திறப்பவருக்கு. "தண்ணி நாறுதுன்னு புகார் வந்ததும் நான் தொட்டிக்கு ஓடப் பார்த்தேன். அண்ணன்தான் என்னை நிறுத்தினார். 'சார், முதல் பத்து நிமிஷம்தான் நாறுது, அப்புறம் நல்லா வருது. அதுவும் அந்தத் தெருவுல மட்டும்தான்' என்றார். பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது" என்றார் பொறியாளர்.

அது எப்படிப் பாதி வேலை ஆகும்? தொட்டியிலேயே அழுக்கு இருந்தால் அந்தத் தொட்டியை நம்பியிருக்கும் எல்லாத் தெருக்களிலும் நாற்றம் வரும், தண்ணீர் நிற்கும்வரை வரும். ஒரு தெருவில் மட்டும், திறந்த உடனே மட்டும் வந்தால், தண்ணீர் வராத நேரத்தில் அந்தத் தெருக் குழாய்க்குள் ஏதோ புகுந்திருக்கிறது என்று பொருள். நம் ஊர்களில் பலவற்றில் குடிநீர் நாள் முழுதும் வருவதில்லை. வால்வை மூடியதும் குழாயில் அழுத்தம் இறங்கி, தாழ்வான வீடுகளின் குழாய் வழியே மிச்ச நீரும் வடிந்துவிடுகிறது. ஓடும்போது நீரை வெளியே கசியவிட்ட அதே விரிசல், குழாய் வெறுமையானதும் வெளியே தேங்கியிருப்பதை உள்ளே விடுகிறது. தெருக்குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சும் வீடுகள் இருந்தால் அந்த இழுப்பு இன்னும் கூடும்.

அடுத்தது, மேல்நிலைத் தொட்டி இயக்குபவருக்கு. பொறியாளர் ஒரு எளிய கணக்கைச் சொன்னார். 1 லட்சம் லிட்டர் நீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் சேர்க்க வேண்டுமென்றால் 200 கிராம் குளோரின் தேவை. பிளீச்சிங் பவுடரில் கால் பங்குதான் பயன்படும் குளோரின் என்றால் 800 கிராம் பவுடர் போட வேண்டும். ஆனால் மூட்டை ஈரக்காற்று பட்டுக் கிடந்தால் அதன் வீரியம் பாதியாகக் குறையலாம். பதிவேட்டில் 800 கிராம் என்றே எழுதியிருப்போம், தண்ணீருக்குப் போயிருப்பதோ பாதி மருந்துதான். "மூட்டையைப் பிரித்த தேதியை அதன்மேலேயே எழுதி வைக்கும் பழக்கத்தை இவர்தான் எங்களுக்குக் கொண்டுவந்தார். அதனால் மருந்து சரியாகப் போயிருக்கிறது என்று உறுதியாக நம்பித் தெருவுக்குள் இறங்க முடிந்தது."

தெருவில் அவர்கள் வீடு வீடாகக் குளோரின் பார்த்தார்கள். சிறு சோதனைக் குழாயில் நீர் பிடித்து, மருந்தைச் சில சொட்டு விட்டால், குளோரின் இருக்கும் நீர் மஞ்சளாகும். நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு அளவு சொல்லலாம். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும். அந்தத் தெருவின் தொடக்கத்தில் நல்ல மஞ்சள். நடுவில் ஒரு வீடுவரை அதே மஞ்சள். அதற்கு அடுத்த வீட்டிலிருந்து நிறமே இல்லை. குளோரின் வழியில் தானாகவும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், ஆனால் அடுத்தடுத்த இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரேயடியாகக் காணாமல் போகாது. அழுக்கோடு சேர்ந்து செலவானால்தான் அப்படிப் போகும். தோண்ட வேண்டிய இடம் அந்த இரண்டு வீட்டுக்கு நடுவே என்று தெரிந்தது.

ஆனால் அங்கே தோண்டியும் முதலில் ஒன்றும் தெரியவில்லை. குழாயைச் சுற்றி மண் ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். அப்போது வழி காட்டியவர் தூய்மைப் பணியாளர் ஒருவர். முக்கில் உள்ள பாதாளச் சாக்கடை மூடி சில நாளாக நிரம்பியே நிற்கிறது, அடைப்பு இருக்கிறது என்றார். சாதாரண நாளில் கழிவுநீர் குடிநீர்க் குழாய்க்குக் கீழே ஓடுகிறது. அடைத்துக்கொண்டால் அது மேலேறி, இணைப்புகளின் வழியே கசிந்து, குடிநீர்க் குழாயைச் சுற்றியுள்ள மண்ணை நனைத்துவிடுகிறது. ஓட்டை மட்டும் இருந்தாலும் நாற்றம் வராது, அடைப்பு மட்டும் இருந்தாலும் வராது. இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்ததுதான் வினை. அந்தச் சொல்லை நம்பி ஃபிட்டர் இன்னும் சற்று தூரம் தோண்டினார். சாக்கடையைக் கடந்து ஒரு வீட்டுக்குப் போகும் பழைய இரும்பு இணைப்பின் அடிப்புறம் துருப்பிடித்து அரித்துப் போயிருந்தது. மேலிருந்து பார்த்தால் நல்ல குழாய். கையை அடியில் விட்டுத் தடவித்தான் அவர் ஓட்டையைக் கண்டுபிடித்தார்.

அடைப்பை இயந்திரம் வைத்து எடுத்தார்கள். அரித்த இணைப்பை மாற்றி, சாக்கடையைத் தொடாதபடி மேலே தூக்கிக் கொண்டுபோனார்கள். குளோரின் கூட்டிய நீரால் குழாயைக் கழுவி வெளியேற்றினார்கள். கடைசி வீட்டில் மஞ்சள் நிறம் திரும்பும்வரை அந்தத் தெருவுக்கு லாரியில் தண்ணீர் போனது.

பணி ஆய்வாளருக்கு நன்றி சொல்லும்போது பொறியாளரின் குரல் உயர்ந்தது. குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் பக்கவாட்டில் 3 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது பொது விதி. தெருவே 3 மீட்டர் அகலம் என்றால் என்ன செய்வது? குடிநீர்க் குழாயை எப்போதும் மேலே வைக்க வேண்டும், கடக்கும் இடத்தில் இணைப்பு வராமல் முழு நீளக் குழாயாகப் போட வேண்டும். இவற்றையெல்லாம் மண் மூடுமுன் அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதினால்தான் உண்டு. மூடியபின் எதை எழுதினாலும் யாராலும் சரிபார்க்க முடியாது. "எவ்வளவு அவசரப்படுத்தினாலும், டேப் பிடித்து அளக்காமல் ஒரு பள்ளத்தையும் இவர் மூடவிட்டதில்லை. நான் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டதெல்லாம் இவரை நம்பித்தான்."

பிறகு இளம் பொறியாளர்கள் பக்கம் திரும்பினார். எந்த வால்வை எத்தனை சுற்று திறந்தால் மேட்டுத் தெருவுக்கு நீர் ஏறும், எதைப் பாதி மூடி வைத்தால்தான் கடைசித் தெருவுக்குக் கிடைக்கும், சாலை போட்டபோது தாருக்குள் புதைந்த வால்வுக் குழி எங்கே இருக்கிறது என்பதெல்லாம் வரைபடத்தில் முழுதாக இல்லை. வால்வு திறக்கும் அண்ணனின் நினைவில்தான் இருக்கின்றன. அவரும் விரைவில் ஓய்வு பெறப் போகிறார். ஒரு குழாய் உடைந்தால் எந்த வால்வை மூடுவது என்று தெரியாமல் பாதி ஊருக்குத் தண்ணீரை நிறுத்த வேண்டிவரும்.

"எனக்குச் சால்வை போட்டதற்கு நன்றி. ஆனால் எனக்காக ஒன்று செய்வதென்றால், நாளைக் காலையிலிருந்து அண்ணனோடு தெருத்தெருவாக நடங்கள். ஒவ்வொரு வால்வையும் பக்கத்துச் சுவரிலிருந்து இத்தனை அடி என்று அளந்து குறியுங்கள். எத்தனை சுற்று என்று அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். கீழே அவர் கையெழுத்தையும் வாங்குங்கள். வால்வுப் படத்தில் அவர் பெயர் இருக்கட்டும். அதுதான் அவருக்கு நாம் செய்யும் பாராட்டு விழா" என்று சொல்லி ஏற்புரையை முடித்தார்.