உங்களுக்குத் தெரியுமா? கிட்டப்பாவின் குரல் எவ்வளவு உயரம்?

நாடக மேடைப் பாடகர் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல், 27 வயதில் மறைந்தார். மேடையில் அவர் எட்டிய உச்சத்துக்கு இன்று நம்மிடம் மிஞ்சியிருக்கும் சாட்சி இசைத்தட்டுகள்தான். அவற்றிலிருந்து ஒரு பாடகரின் குரல் வீச்சை அளக்க முடியும்.

பதிவை ‘பிராட்’ போன்ற இலவச மென்பொருளில் திறந்தால், சுருதியின் ஏற்ற இறக்கம் வரைகோடாகத் தெரியும். அதில் கார்வையாக ஒரு வினாடியாவது நிற்கும் சுரங்களை மட்டும் எடுக்க வேண்டும். கமகத்தின் நுனியும் பிருகாவில் தொட்டு ஓடும் சுரமும் கணக்கில் சேராது. அவற்றைச் சேர்த்தால் வீச்சு பொய்யாக நீளும். பாடகர் மூச்சு விடும் இடத்திலும் கோடு தொடர்ந்தால், மென்பொருள் ஆர்மோனியத்தைப் படிக்கிறது என்று பொருள்.

பழைய தட்டில் வேறொரு சிக்கல் உண்டு. நிமிடத்துக்கு 80 சுற்றில் பதிவான தட்டை 78-இல் ஓட்டினால், சுருதி கிட்டத்தட்ட அரை சுரத்தானம் இறங்கிவிடும். அடிச்சுரம் 200 ஹெர்ட்ஸ், உச்சம் 800 என்று கொள்வோம். அவை 195, 780 ஆகத் தெரியும். ‘எத்தனை கட்டை’ என்ற கணக்கு இங்கே தவறிவிடும். ஆனால் 800-ஐ 200-ஆல் வகுத்தாலும், 780-ஐ 195-ஆல் வகுத்தாலும் விடை நான்கு, அதாவது இரண்டு ஸ்தாயி. வீச்சு மட்டும் தப்பிவிடுகிறது!

தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடமே ஓடும். ஆகவே கிடைக்கும் விடை, அந்தப் பாட்டில் அவர் காட்டிய வீச்சு மட்டுமே. குரலின் முழு எல்லை அல்ல.