வேகம் குறையாத விளிம்புகள்

சூரியனுக்கு மிக அருகிலுள்ள புதன் நொடிக்கு 47 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. தொலைவிலுள்ள நெப்டியூனுக்கோ சுமார் 5 கிலோமீட்டர்தான். தூரம் கூடக்கூட ஈர்ப்பு தளரும், வேகமும் குறையும்.

ஒளியெல்லாம் பெரும்பாலும் நடுவில் குவிந்திருக்கும் ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலத்திலும் வானியலாளர்கள் இதையே எதிர்பார்த்தார்கள். அமெரிக்காவின் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் அங்குள்ள ஒளிரும் வாயு மேகங்களின் நிறமாலையைப் பதிவு செய்தார்கள். நெருங்கி வரும் மேகத்தின் ஒளி நீலத்தின் பக்கம் சற்று நகரும். விலகிச் செல்வதன் ஒளி சிவப்பின் பக்கம் நகரும். அந்த நகர்வை அளந்தால் வேகம் தெரிந்துவிடும். 1970-இல் வெளியான முடிவு வியப்பூட்டியது: வெளிவிளிம்பிலும் வேகம் நொடிக்கு 200 கிலோமீட்டருக்குக் குறையவில்லை.

கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களின் ஈர்ப்பு மட்டும் இருந்தால், இந்த வேகத்தில் அந்த மேகங்கள் என்றோ சிதறியிருக்கும். ஆகவே, ஒளியை உமிழாத, உறிஞ்சாத ஏதோ ஒன்று அவற்றைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். அதுவே கரும்பொருள்.

ஈர்ப்பு விதியையே திருத்தினால் என்ன என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், ‘புல்லட்’ கொத்து அவர்களுக்குப் பெரும் சிக்கலானது. அங்கே இரண்டு விண்மீன் மண்டலக் கொத்துகள் மோதியபோது, சாதாரணப் பொருளில் பெரும்பங்கான சூடான வாயு நடுவில் தேங்கிவிட்டது. பின்னணி ஒளியை வளைக்கும் ஈர்ப்போ வாயுவைத் தாண்டி இரு பக்கமும் விலகி நிற்கிறது.

அந்தப் பொருளின் துகளைத்தான் சுரங்க ஆழங்களில் வைத்த கருவிகள் இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றன.