நடுவில் நிற்பவர்களை எங்கே வைப்பது?

2018இல் பிரிட்டனைச் சேர்ந்த வெல்கம் அறக்கட்டளை 140க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறக்குறைய 1,40,000 பேரிடம் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியது. தடுப்பூசிகள் பாதுகாப்பானவை, அவை பலன் தருகின்றன, குழந்தைகளுக்குப் போடுவது முக்கியம் என்ற மூன்று வாக்கியங்களும் அதில் இருந்தன. ஒவ்வொன்றையும் ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா, எவ்வளவு அழுத்தமாக என்பதுதான் கேள்வி. பிரான்ஸில் கிடைத்த பதில் பலரைத் திடுக்கிட வைத்தது. தடுப்பூசி பாதுகாப்பானது என்பதை அங்கே 33 சதவீதம் பேர் மறுத்தார்கள். பலன் தருகிறது என்பதை மறுத்தவர்கள் 19 சதவீதம். குழந்தைகளுக்கு முக்கியம் என்பதை மறுத்தவர்கள் 10 சதவீதம்.

33, 19, 10 என்ற இந்த இறக்கத்தில் ஒரு செய்தி இருக்கிறது. ஊசியின் பாதுகாப்பை நம்பாதவர்களிலும் பெரும்பாலோர், குழந்தைக்குப் போடுவது முக்கியமல்ல என்று சொல்லத் தயாராக இல்லை. மூன்று வாக்கியங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் இது கண்ணில் படும். ஆனால், எப்படி வரைந்து வைப்பது?

இப்படி வாக்கியம் சொல்லிப் படிநிலையில் பதில் வாங்கும் முறையை 1932இல் வெளியிட்டவர் ரென்சிஸ் லிகர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர். முற்றிலும் ஏற்கிறேன், ஏற்கிறேன், இரண்டும் இல்லை, மறுக்கிறேன், முற்றிலும் மறுக்கிறேன் என்ற ஐந்து கட்டங்களை இன்று ஓட்டல் கருத்துச் சீட்டிலிருந்து அரசுக் கணக்கெடுப்பு வரை பார்க்கலாம். பதில்களுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் கொடுத்துச் சராசரி போடுவது பலருக்குப் பழக்கம். அதன் ஆபத்து வெளிப்படை: பாதிப் பேர் கடுமையாக ஏற்று, பாதிப் பேர் கடுமையாக மறுத்தால் சராசரி 3. எல்லோரும் ‘இரண்டும் இல்லை’ என்று சொன்னாலும் சராசரி அதே 3தான். எனவே பதில்களைச் சராசரியாக்காமல், ஒவ்வொரு வகையும் எத்தனை சதவீதம் என்று காட்ட வேண்டியிருக்கிறது.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது அடுக்குப் பட்டை. 100 சதவீத நீளமுள்ள ஒரு பட்டையை ஐந்து துண்டாக்கி, இடப்பக்கம் மறுப்பு, வலப்பக்கம் ஏற்பு என்று நிறம் தீட்டுவார்கள். பத்து வாக்கியத்துக்குப் பத்துப் பட்டை. எல்லாப் பட்டைகளும் ஒரே நீளம் என்பதால் படம் ஒரு வண்ணச் சுவர் போல நிற்கும். எந்த வாக்கியத்துக்கு ஆதரவு அதிகம் என்று ஒரு பார்வையில் தெரியாது. வில்லியம் கிளீவ்லாண்ட், ராபர்ட் மெக்கில் என்ற இரு ஆய்வாளர்கள் 1984இல் வெளியிட்ட சோதனைகள் இதற்கான காரணத்தைச் சொல்கின்றன. ஒரே கோட்டிலிருந்து கிளம்பும் பட்டைகளை மனிதக் கண் நன்றாக ஒப்பிடுகிறது. வெவ்வேறு இடத்தில் தொடங்கும் துண்டுகளை ஒப்பிடும்போது தடுமாறுகிறது.

அதனால் பட்டைகளை நகர்த்தினார்கள். நடுவே ஒரு செங்குத்துக் கோடு. மறுப்பெல்லாம் அதன் இடப்பக்கம் நீளும், ஏற்பெல்லாம் வலப்பக்கம் நீளும். இதுதான் இருபக்கமும் விரியும் அடுக்குப் பட்டை. இப்போது மறுப்பின் மொத்தமும் ஏற்பின் மொத்தமும் ஒரே கோட்டிலிருந்து கிளம்புகின்றன. ரிச்சர்ட் ஹைபர்கர், நவோமி ராபின்ஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் இதை விரிவாக எழுதிப் பரப்பினார்கள். 2014இல் வந்த அவர்களுடைய கட்டுரை இத்துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

சிக்கல் நடுவில் நிற்பவர்களால் வருகிறது. ‘இரண்டும் இல்லை’ என்றவர்களை எந்தப் பக்கம் வைப்பது? அந்தத் துண்டைச் சரிபாதியாகப் பிளந்து கோட்டின் இருபுறமும் வைப்பதுதான் பரவலான வழக்கம். பார்க்க நியாயமாகவே தெரிகிறது. ஆனால் ஏமாற்று நுழைவது அந்த வழியாகத்தான்.

ஒரு கற்பனைக் கணக்கு. நகரப் பேருந்தில் போகும் 100 பேரிடம் இரண்டு வாக்கியங்கள் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது, ‘பேருந்துகள் நேரத்துக்கு வருகின்றன’. முற்றிலும் மறுப்பவர்கள் 10, மறுப்பவர்கள் 15, நடுவில் 20, ஏற்பவர்கள் 35, முற்றிலும் ஏற்பவர்கள் 20. இரண்டாவது, ‘புகார் எண்ணை அழைத்தால் பதில் கிடைக்கிறது’. பயணிகளில் பலர் அந்த எண்ணை அழைத்ததே இல்லை. அதனால் பாதிப் பேர் நடுக்கட்டத்தில் குறி போடுகிறார்கள்: 5, 10, 50, 25, 10.

நேரத்துக்கு வருகிறது என்பதை மறுத்தவர்கள் 25 பேர். புகார் எண் விஷயத்தில் மறுத்தவர்கள் 15 பேர்தான். இப்போது நடுத்துண்டைப் பிளந்து வரைந்து பாருங்கள். முதல் வாக்கியத்தின் பட்டை இடப்பக்கம் 25உடன் 10 சேர்ந்து 35 வரை நீளும். இரண்டாவது 15உடன் 25 சேர்ந்து 40 வரை நீளும். குறைவான மறுப்புள்ள வாக்கியம் அதிக மறுப்புள்ளது போல இடப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கிறது! மறுப்புத் துண்டுகளும் இனி ஒரே கோட்டில் தொடங்கவில்லை. ஒன்று 10இல், மற்றொன்று 25இல் தொடங்குகிறது. எதற்காகப் பட்டைகளை நகர்த்தினோமோ, அந்தப் பலனே போய்விட்டது.

சரி, நடுவில் நிற்பவர்களை விட்டுவிடலாமே என்று சிலர் கிளம்புவார்கள். கருத்துச் சொன்னவர்களை மட்டும் எடுத்து மீண்டும் 100க்குக் கணக்கிடுவது அவர்களுடைய வழி. பேருந்து நேரம் பற்றிக் கருத்துச் சொன்ன 80 பேரில் 55 பேர் ஏற்கிறார்கள்; அது ஏறத்தாழ 69 சதவீதம். புகார் எண் பற்றிக் கருத்துச் சொன்ன 50 பேரில் 35 பேர் ஏற்கிறார்கள், 70 சதவீதம். உண்மையில் 100க்கு 35 பேரின் ஆதரவு மட்டுமே உள்ள புகார் எண், 55 பேர் ஆதரித்த பேருந்து நேரத்தை முந்திவிட்டது. ஆண்டறிக்கையில் போட ஆசை வரும் எண்தான். எண்ணில் பொய்யில்லை, பாதிப் பேரைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு எடுத்த எண் என்பதுதான் படத்தில் தெரியாது.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, அதுவே மேல். மறுப்பும் ஏற்பும் கோட்டை ஒட்டி இருபக்கமும் விரியட்டும். நடுத்துண்டை அங்கிருந்து எடுத்து, வலது ஓரத்தில் தனிக் கோட்டிலிருந்து கிளம்பும் சாம்பல் நிறப் பட்டையாக வைக்க வேண்டும். சதவீதம் மட்டும் எல்லாருக்கும் சேர்த்துக் கணக்கிட்டதாகவே இருக்கும். முதல் வாக்கியம்: இடம் 25, வலம் 55, ஓரத்தில் 20. இரண்டாவது: இடம் 15, வலம் 35, ஓரத்தில் 50. மூன்று வரிசையையும் மேலிருந்து கீழாக ஒப்பிடலாம். அந்த 50 என்ற நீளமான சாம்பல் பட்டைதான் புகார் எண்ணைப் பற்றிய உண்மையான செய்தி: பாதிப் பேருக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

சாம்பல் பட்டைக்குள்ளும் பலவகை ஆட்கள் இருப்பார்கள். நன்றாக யோசித்து நடுவில் நிற்பவர் ஒருவர், விஷயமே தெரியாதவர் ஒருவர், தனக்குத் தொடர்பில்லாத கேள்வி என்று நினைப்பவர் ஒருவர். கேள்வித்தாளில் இவர்களைப் பிரிக்காவிட்டால் வரைபடத்தில் பிரிக்க முடியாது. வெல்கம் கணிப்பு இதில் கவனமாக இருந்தது. தடுப்பூசி பாதுகாப்பானது என்பதை உலக அளவில் ஏற்றவர்கள் 79 சதவீதம், மறுத்தவர்கள் 7. ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை என்ற 11 சதவீதமும், தெரியாது என்ற 3 சதவீதமும் தனித்தனியாகத் தரப்பட்டன. சாம்பலில் அடர்த்தியாக ஒன்று, வெளிறி ஒன்று என்று இரண்டு நிறம் கொடுத்தால் போதும்.

எக்செல்லில் வரைபவர்கள் விழும் குழி வேறு. இடப்பக்கம் விரிய வேண்டும் என்பதற்காக மறுப்பு எண்களைக் கழித்தல் குறியோடு உள்ளிடுவார்கள். அப்போது அச்சில் -40% என்று விழும். கழித்தல் நாற்பது சதவீதம் மக்கள் என்று யாரும் கிடையாது. எண் வடிவத்தை இப்படி மாற்றினால் குறி மறைந்துவிடும்:

```
0%;0%
```

இதைவிடக் கெட்டது வரிசைப் பிழை. எக்செல் கழித்தல் எண்களைக் கோட்டிலிருந்து வெளிப்பக்கமாக அடுக்கும். ‘முற்றிலும் மறுக்கிறேன்’ என்பதை முதலில் கொடுத்தால் அது கோட்டை ஒட்டி உட்கார்ந்துகொள்ளும். மிதமான மறுப்பு வெளியோரத்துக்குப் போய்விடும். வாசகர் ஓரத்தில் இருப்பதுதான் கடுமையானது என்று எடுத்துக்கொள்வார். மிதமான மறுப்பை முதலிலும் கடுமையானதை அடுத்தும் கொடுக்க வேண்டும். முடித்த பின் ஏதாவது ஒரு வரிசையை எடுத்து, துண்டுகளை மூல அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இந்தப் பிழை உடனே சிக்கும். அச்சின் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். இடப்பக்கம் 40 வரையும் வலப்பக்கம் 80 வரையும் ஓடினால் தவறில்லை, ஆனால் 10 சதவீதத்தின் நீளம் இருபுறமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நிறத்தில் சிவப்பும் பச்சையும் வேண்டாம். அவற்றைப் பிரித்தறிய முடியாத ஆண்கள் கணிசமாக இருக்கிறார்கள். ஆரஞ்சும் நீலமும் வைத்து, கடுமையான கருத்துக்கு அடர்நிறம், மிதமானதற்கு வெளிர்நிறம் கொடுப்பது பாதுகாப்பு. வாக்கியங்களைக் கேள்வித்தாளில் வந்த வரிசையிலேயே போடாமல், மொத்த ஏற்பின்படி அடுக்கினால் பத்து வரிகளும் படிக்கும்படி ஆகும்.

இந்தப் படம் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லாது. மொத்த ஏற்பு, மொத்த மறுப்பு இரண்டையும் நன்றாகக் காட்டும். ஆனால் ‘முற்றிலும்’ என்றவர்களின் துண்டு பட்டையின் வெளிமுனையில், ஒவ்வொரு வரியிலும் வெவ்வேறு இடத்தில் தொடங்குகிறது. தீவிரமாக எதிர்ப்பவர்கள் எத்தனை பேர் என்பதே கேள்வியானால், பழைய 100 சதவீத அடுக்குப் பட்டை உண்மையில் மேல். அதில் கடும் மறுப்பு இடது விளிம்பை ஒட்டியும், கடும் ஏற்பு வலது விளிம்பை ஒட்டியும் நேராக நிற்கும். எந்தக் கேள்விக்காக வரைகிறோம் என்பதை முடிவு செய்யாமல் மென்பொருள் தரும் படத்தை ஏற்றுக்கொள்பவர்கள்தான் இங்கே அதிகம் தவறுகிறார்கள்.

நடுக்கட்டத்தையே ஒழித்துவிட்டவர்களும் உண்டு. பிரிட்டனில் கல்லூரி இறுதியாண்டு மாணவர்களிடம் 2005 முதல் நடக்கும் தேசிய மாணவர் கணிப்பு, 2022 வரை ஐந்து படிநிலைகளில் உடன்பாடு கேட்டது. 2023இல் வாக்கியங்களை நேரடிக் கேள்விகளாக மாற்றி, நடுக்கட்டம் இல்லாத நான்கு படிநிலைகளைக் கொடுத்தார்கள். தனக்குப் பொருந்தாது என்பதற்குத் தனிக் கட்டம் வைத்தார்கள். வரைவது இப்போது சுலபம், பிளக்கவோ ஓரத்தில் வைக்கவோ எதுவும் இல்லை. ஆனால் முன்பு நடுவில் குறி போட்டிருக்கக்கூடிய மாணவர் இப்போது ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும். ஆகவே 2022இன் பட்டையையும் 2023இன் பட்டையையும் ஒரே படத்தில் அடுத்தடுத்து வைத்து, திருப்தி கூடியது, குறைந்தது என்று எழுத முடியாது.